தலைக்கு ஐயாயிரமா, சம்பளத்தில் இரண்டு சதவீதமா, குறை பார்த்துக் கொடுப்பதா?

ஏப்ரல் பிறந்ததும், ஓரளவு கணக்கு வைத்து நடத்துகிற பட்டறைகளில் அந்த வருஷத்துச் செலவை எழுதி வைப்பார்கள். மின்சாரம், இன்சர்ட், கூலன்ட், மெஷின் சர்வீஸ் எல்லாம் போன வருஷத்து எண்ணைப் பார்த்து வந்துவிடும். ஆட்களின் பயிற்சிக்கு என்ற வரிக்கு வரும்போது மட்டும் பேனா நிற்கும். எவ்வளவு ஒதுக்குவது, ஒதுக்கியதை யாருக்குச் செலவு செய்வது என்று இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டாவதைச் சரியாகப் பார்த்தால் முதலாவதற்கான விடை தானாக வந்து விழும் என்பது என் அபிப்பிராயம். அதை ஒரு பட்டறையை வைத்தே பார்க்கலாம்.

கோவையில் பம்ப், வால்வு பாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஒரு சிஎன்சி பட்டறை என்று வைத்துக்கொள்வோம். உருண்டைப் பாகங்களைக் கடையும் டர்னிங் சென்டர் பத்து, மில்லிங் செய்து துளை போடும் விஎம்சி நாலு, இரண்டு ஷிப்ட். மொத்தம் 48 பேர்: 22 ஆபரேட்டர்கள், புது ஜாப்பை மெஷினில் ஏற்றித் தயார் செய்யும் ஆறு செட்டர்கள், மூன்று புரோகிராமர்கள், மீதி இன்ஸ்பெக்‌ஷன், மெயின்டனன்ஸ், சூப்பர்வைசர், ஆபீஸ், உதவியாளர்கள். வருஷச் சம்பளச் செலவு 1.2 கோடி ரூபாய். முதலாளி அதில் இரண்டு சதவீதம், அதாவது 2.4 லட்சம் ஒதுக்கத் தயார். எண்கள் எல்லாம் கணக்குப் புரிவதற்காக வைத்தவைதான். உங்கள் பட்டறைக்கு உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். முறை மாறாது.

இந்தப் பணத்தைப் பிரிக்க மூன்று வழிகள் உண்டு. எல்லோருக்கும் சமமாகத் தலைக்கு 5,000 ரூபாய். அவரவர் சம்பளத்தில் இரண்டு சதவீதம். அல்லது எங்கே திறமை குறைகிறது, அந்தக் குறையால் எவ்வளவு பணம் போகிறது என்று பார்த்துக் கொடுப்பது.

சமமாகப் பிரிப்பதில் ஒரு நல்லது இருக்கிறது. யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் 5,000 ரூபாய்க்கு ஒரு விஎம்சி செட்டருக்கு உருப்படியாக எதையும் வெளியே கற்றுக்கொடுக்க முடியாது. ஒரு உதவியாளருக்கு அவ்வளவு தேவையும் இல்லை. அதனால் கடைசியில் நடப்பது என்ன? வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு எல்லோரையும் உட்காரவைத்து இரண்டு நாள் வகுப்பு. சுத்தம், ஒழுங்கு, குழு மனப்பான்மை, கடைசியில் குரூப் போட்டோ. இந்த வகுப்புக்கு ரசீதில் தெரியாத செலவும் ஒன்று உண்டு. 48 பேர் இரண்டு நாள் உட்கார்ந்தால் 96 ஆள்-நாள். சராசரி நாள் சம்பளம் 800 ரூபாய் என்றால் கிட்டத்தட்ட 77,000 ரூபாய் சம்பளம் வேலை இல்லாமல் போகிறது. மெஷின் நின்ற கணக்கு அதற்கு மேல். பயிற்சிக்கு ஒதுக்கியது 2.4 லட்சம் என்று சொல்கிறவர்கள் இந்தத் தொகையை எங்கேயும் எழுதுவதில்லை.

சம்பள சதவீத முறை பார்ப்பதற்கு நியாயமாகத் தெரியும். அரசாங்கங்களும் அப்படித்தான் செய்கின்றன என்று சொல்வார்கள். சிங்கப்பூரில் திறன் மேம்பாட்டு வரியாக மாதச் சம்பளத்தில் 0.25 சதவீதம் கட்ட வேண்டும். மலேசியாவில் பத்து மலேசியரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும், பயிற்சி வரிச் சட்டத்துக்குள் வருகிற நிறுவனங்கள் ஒரு சதவீதம் கட்டுகின்றன. சரிதான். ஆனால் அது பணத்தை வசூலிப்பதற்கான அளவு. சம்பளப் பட்டியல் கையில் இருக்கிறது, கணக்கிடச் சுலபம், ஏமாற்றுவது கஷ்டம், அதனால் அதை வைத்தார்கள். வசூலான பணத்தை யாருக்குச் செலவு செய்வது என்பதற்கு அந்த அளவு எதையும் சொல்லவில்லை. நம் பட்டறையில் இதைப் போட்டுப் பாருங்கள். 60,000 சம்பளம் வாங்கும் மேனேஜருக்கு வருஷம் 14,400 ரூபாய். 16,000 வாங்கும் ஆபரேட்டருக்கு 3,840. மேனேஜர் ஒரு ஓட்டல் கருத்தரங்குக்குப் போய்வருவார். ரிஜெக்‌ஷன் பெட்டி நிரம்புவது ஆபரேட்டர் பக்கத்தில். பணமும் குறையும் எதிரெதிர் திசையில் போகின்றன.

மூன்றாவது வழிக்கு வருவோம். இதற்குத்தான் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும்.

முதலில் ஒரு திறமைப் பட்டியல். இடது பக்கம் ஆட்களின் பெயர், மேலே வேலைகள்: டூலுக்காக மெஷினில் வைத்திருக்கும் திருத்த எண்ணான ஆஃப்செட்டைத் திருத்துவது, முதல் பீஸ் அளப்பது, விஎம்சி செட்டிங், புரோகிராம் எழுதுவது என்று. ஒவ்வொரு கட்டத்திலும் 0 முதல் 4 வரை ஒரு எண். பக்கத்தில் ஆள் இருந்தால் செய்வார் என்றால் 1, பழகிய ஜாப்பைத் தனியாகச் செய்வார் என்றால் 2, புது ஜாப்பையும் தனியாகச் செய்வார் என்றால் 3, அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பார் என்றால் 4. பல கம்பெனிகளில் இந்தத் தாள் சுவரில் தொங்குகிறது, ஆடிட்டருக்காக. சூப்பர்வைசர் ஒரே மூச்சில் எல்லோருக்கும் 3 போட்டிருப்பார். அதை நம்ப வேண்டாம். ஒரு பீஸையும் டிராயிங்கையும் கையில் கொடுத்து, இதை அளந்து ஆஃப்செட் திருத்துங்கள் என்று சொன்னால் கால் மணி நேரத்தில் உண்மையான எண் தெரிந்துவிடும். அப்புறம், பகலில் மட்டும் பார்க்காமல் ஷிப்ட் வாரியாகப் பார்க்க வேண்டும். மொத்தம் ஆறு செட்டர் இருந்தும், இரவில் ஒரே ஒருவருக்குத்தான் விஎம்சி தெரியும் என்றால் குறை அங்கேதான்.

ஆனால் இந்தத் தாளை மட்டும் வைத்துப் பணம் ஒதுக்கினால் எல்லாப் பூஜ்யங்களையும் நிரப்பக் கிளம்பிவிடுவோம். ஒவ்வொரு குறையாலும் மாதம் எவ்வளவு போகிறது என்று பக்கத்தில் எழுத வேண்டும். இங்கேதான், கழிக்கும் பீஸுக்குக் காரணம் எழுதி வைக்கும் ரிஜெக்‌ஷன் சீட்டுகள் கைகொடுக்கும்.

நம் பட்டறையில் மாதம் 40,000 ரூபாய்க்குப் பீஸ் கழிகிறது. இதைப் பார்த்ததும், ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தால் 40,000 மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. மூன்று மாதச் சீட்டைக் காரணம் வாரியாகப் பிரித்தால் வேறு கதை. மாதம் சுமார் 12,000 ரூபாய் வார்ப்பில் ஓட்டை விழுந்த பீஸ்கள். அது ஃபவுண்டரி கணக்கு, டெபிட் நோட் போட வேண்டியது. இன்னொரு 10,000 ஒரே ஒரு பழைய மெஷினிலிருந்து வருகிறது; எந்த ஆபரேட்டர் நின்றாலும் அதில் அளவு ஆடும். மிச்சம் 18,000தான் ஆளின் கையில் நடந்த தவறு. பயிற்சி எட்டக்கூடியது அவ்வளவுதான்.

அந்த 18,000 எப்படிப் போகிறது என்று கிட்டப் போய்ப் பார்த்தால் பயிற்சி என்னவாக இருக்க வேண்டும் என்பதும் தெரியும். 40 மில்லிமீட்டர் போர், அதாவது உள் துளை; H7 என்ற அளவு வரம்பு: 40.000 முதல் 40.025 வரை இருக்கலாம். ஆபரேட்டர் போர் கேஜ் வைத்து அளக்கிறார், 39.990 வருகிறது. 20 மைக்ரான், அதாவது 0.020 மில்லிமீட்டர், கூட்ட வேண்டும், அவர் நினைத்தது சரி. கண்ட்ரோலில், டூல் தேய்மானத்தைச் சரிக்கட்டும் வேர் ஆஃப்செட் பக்கத்தைத் திறக்கிறார். அங்கே ஏற்கெனவே -0.030 இருக்கிறது. 0.020 என்று அடித்து `+INPUT` அழுத்தியிருந்தால் அது -0.010 ஆகி, அடுத்த போர் 40.010 வந்திருக்கும். அவர் அழுத்தியது `INPUT`. அது பழைய எண்ணோடு கூட்டாது. அதை அழித்துவிட்டுப் புது எண்ணை வைக்கும். -0.030 இருந்த இடத்தில் 0.020 வந்ததால் 50 மைக்ரான் நகர்ந்து, அடுத்த போர் 40.040. போர் பெரிதாகிவிட்டால் திருப்பி வைக்க முடியாது, பீஸ் போச்சு. அவருக்குக் கணக்குத் தெரியும், அளக்கவும் தெரியும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பட்டன்களின் வித்தியாசத்தை யாரும் நின்று சொல்லிக்கொடுக்கவில்லை.

இதற்கு வெளியே கோர்ஸ் எதுவும் தேவையில்லை. இந்தத் தவறு அதிகம் நடக்கும் எட்டு ஆபரேட்டர்களை மூத்த செட்டர் ஒருவரிடம் விட்டு, இரண்டு இரண்டு மணி நேரமாக ஆறு நாள், மெஷின் முன்னாலேயே பழக்கலாம். எட்டுப் பேரின் 12 மணி நேரச் சம்பளம் சுமார் 7,400. செட்டரின் நேரம் 1,800. பழகக் கடையும் மெட்டீரியல் 3,000. செட்டருக்குத் தனியாக 5,000 மதிப்பூதியம். ஆக 17,200, ஆளுக்கு 2,150. அந்த மதிப்பூதியத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். சொல்லிக்கொடுப்பதால் தன் மவுசு குறையும் என்று நினைக்கிற செட்டர் பாதியை மறைத்துவைத்துச் சொல்லிக்கொடுப்பார்.

பலனை எழுதும்போது கை இறுகலாக இருப்பது நல்லது. 18,000 முழுவதும் நிற்காது. பாதி நிற்கும் என்று வைத்தால் மாதம் 9,000, வருஷம் 1,08,000. எட்டில் இரண்டு பேர் வருஷ நடுவில் வேலையை விட்டுப் போவார்கள் என்று வைத்து எட்டில் ஒரு பங்கைக் கழித்தால் 94,500. போட்டது 17,200. ஒன்றுக்கு ஐந்துக்கு மேல். இதைச் செய்யலாமா என்று யோசிக்கவே வேண்டாம்.

அடுத்தது விஎம்சி செட்டிங். மேலுக்குப் பார்த்தால் இதுதான் பெரிய குறை. மூத்த செட்டர் ஒரு ஜாப்பை மூன்று மணி நேரத்தில் ஏற்றுகிறார். மற்றவர்களுக்கு ஐந்து மணி நேரம். மற்றவர்கள் மாதம் 14 செட்டிங் செய்கிறார்கள். கூடுதலாகப் போவது 28 மணி நேரம். விஎம்சிக்கு மணிக்கு 600 ரூபாய் பில் போடுகிறோம். மெஷின் நிற்கும்போது கரண்டும் இன்சர்ட்டுமாக 100 ரூபாய் மிச்சமாகும், ஆக ஒரு மணி நேரம் நின்றால் நட்டம் 500. மாதம் 14,000, வருஷம் 1,68,000. மூன்று செட்டர்களைக் கோர்ஸுக்கு அனுப்பினால், கட்டணம் தலைக்கு 18,000, போகிற பன்னிரண்டு நாள் சம்பளம் தலைக்கு 10,000, மொத்தம் 84,000. போட்டதைப் போல இரண்டு மடங்கு வருகிறதே, அனுப்பிவிடலாம் என்று தோன்றும்.

அனுப்புவதற்கு முன்னால் ஒரு நாள் வாட்சை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். கூடுதலாகப் போகும் அந்த 120 நிமிஷம் எங்கே போகிறது? 50 நிமிஷம் பீஸைப் பிடிக்கும் ஃபிக்சரையும் டூல் ஹோல்டரையும் தேடுவதில். மூத்தவர் முந்தின நாளே எல்லாவற்றையும் எடுத்துத் தட்டில் வைத்துவிடுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். 30 நிமிஷம் முதல் பீஸை அளக்க இன்ஸ்பெக்டர் வருவதற்காகக் காத்திருப்பதில். மூத்தவருக்கு ஹைட் கேஜ் பிடிக்கத் தெரியும் என்பதால் சர்ஃபேஸ் டேபிளில் வைத்து அவரே பார்த்துவிடுகிறார். டூல் தொட்டு எடுப்பது, புரோகிராமை வெறுமனே ஓட்டிப் பார்ப்பது, தயங்குவது ஆகிய உண்மையான செட்டிங் குறைக்கு மிச்சம் 40 நிமிஷம்தான்.

கணக்கு இப்போது தலைகீழாகிறது. 40 நிமிஷம் வீதம் 14 செட்டிங், மணிக்கு 500 என்றால் வருஷத்துக்கு 56,000. அதுவும் குறை முழுவதும் தீர்ந்தால். 84,000 கொடுத்து அதை வாங்குவதில் அர்த்தமில்லை. கோர்ஸ் முடித்துச் சான்றிதழோடு வருகிறவரைப் பக்கத்துப் பட்டறை இரண்டாயிரம் கூட்டிக்கொடுத்துக் கூப்பிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாண்டு எழுதி வாங்கலாம்தான். ஆனால் போகிறவரிடம் வழக்குப் போட்டு 18,000 வாங்கிய சின்னப் பட்டறை எதையும் நான் பார்த்ததில்லை. அதைவிட, திறமைப் பட்டியலில் 3 வந்தால் இவ்வளவு சம்பள உயர்வு என்று முன்னாலேயே சொல்லிவிடுவது மேல்.

அதற்குப் பதில் அந்த 30 நிமிஷத்தைப் பிடிக்கலாம். மூன்று விஎம்சி செட்டர்களுக்கும் ஹைட் கேஜில் முதல் பீஸ் அளக்க இன்ஸ்பெக்டர் நாலு நாள் இரண்டிரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் எல்லோருடைய நேரமும் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். முழுப் பலன் வருஷம் 42,000. பாதி வந்தாலும் 21,000. இன்ஸ்பெக்‌ஷன் பக்கம் இதற்கு முணுமுணுப்பு வரும். அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், மெஷின் ஓடட்டும், இன்ஸ்பெக்டர் வந்து இன்னொரு முறை பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிச் சமாளிக்க வேண்டும். அந்த 50 நிமிஷத்துக்கு வேண்டியது செட்டிங் ஷீட்டும் டூல் டிராலியும். அது பயிற்சியே இல்லை. பயிற்சிப் பணத்தை வைத்து அந்தக் குறையை அடைக்கப் பார்ப்பதுதான் பல இடங்களில் பணம் வீணாகும் வழி.

இந்த இடத்தில் ஒன்று. மேலே போட்ட மணிக்கு 500 கணக்கு, விஎம்சியில் வேலை வரிசையில் நிற்பதால்தான் செல்லும். நம் பட்டறையின் பத்து டர்னிங் சென்டரில் இரண்டு, ஆர்டர் இல்லாமல் பாதி நாள் சும்மா நிற்கின்றன. அங்கேயும் செட்டிங் நேரத்தில் 20 நிமிஷம் குறைக்கலாம். குறைத்தால் ஆபரேட்டர் 20 நிமிஷம் முன்னாலேயே டீ குடிக்கப் போவார், கல்லாவில் ஒன்றும் விழாது. ஆனால் ரிஜெக்‌ஷன் அப்படி இல்லை. மெஷின் சும்மா நிற்கிறதோ ஓடுகிறதோ, கழிந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பீஸுக்கு மெட்டீரியல் காசு போனது போனதுதான். ஒரே மெஷினில் ஒரு குறைக்குப் பயிற்சி லாபம், இன்னொன்றுக்கு இல்லை. பலனைக் காகிதத்தில் பெரிதாகக் காட்டும் பயிற்சித் திட்டங்களில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்: மிச்சமான நேரத்தை விற்க ஆர்டர் இருக்கிறதா?

கணக்குக்குள் அடங்காத குறையும் ஒன்று இருக்கிறது. புரோகிராமர்கள் மூன்று பேர் என்றாலும் மெஷின் புரோகிராம் எழுத உதவும் CAM சாஃப்ட்வேரில் கடினமான விஎம்சி ஜாப்களை எழுதுவது ஒரே ஒருவர்தான். அவர் போய்விட்டால் இன்னொருவர் கிடைக்க இரண்டு மாதம். அதுவரை மாதம் 12 ஜாப்பை வெளியே கொடுத்து, ஜாப்புக்கு 2,500 வீதம் எழுதி வாங்கினால் 60,000. இந்த வருஷம் அவர் போவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு என்று வைத்தால், எதிர்பார்க்கும் நட்டம் 15,000. இரண்டாமவரைத் தயார் செய்ய 30,000 ஆகும். சூத்திரம் வேண்டாம் என்கிறது. நான் செய்வேன். இரண்டு மாதம் டெலிவரி தள்ளிப்போனால் வாடிக்கையாளர் கம்பெனி சப்ளையர் ரேட்டிங்கில் கீழே இறக்கிவிடும். அந்த ஜாப்கள் திரும்பி வருவதற்கு எத்தனை மாதம் ஆகும் என்பதற்கு இங்கே எண் போட முடியவில்லை. ஆனால் இதை லாபம் தரும் பயிற்சி என்று எழுதாமல் காப்பீடு என்று தனியாக எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் எல்லாச் செலவும் காப்பீடு என்ற பெயரில் வந்து நிற்கும்.

பாதுகாப்பைப் பலன் கணக்கில் சேர்க்கவே கூடாது. தீயணைப்பு, முதலுதவி, கிரேன், பீஸைப் பிடிக்கும் சக்கைப் பூட்டும் முறை இவற்றுக்கு எல்லோருக்கும் சமமாகத் தலைக்கு 500, ஆக 24,000. சமமாகப் பிரிக்கும் முறை பொருந்துகிற ஒரே இடம் இதுதான். தனக்கு இந்த வருஷம் ஒன்றும் இல்லை என்று நினைப்பவருக்கும் ஏதோ ஒன்று கிடைக்கிறது.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். ஆபரேட்டர் பயிற்சி 17,200, அளக்கும் பயிற்சி 4,000, புரோகிராமர் 30,000, பாதுகாப்பு 24,000: மொத்தம் 75,200. 48 பேருக்கு வகுத்தால் தலைக்குச் சுமார் 1,570. அந்தச் சராசரியில் எந்த ஆளும் இல்லை. ஒருவருக்கு 30,500 போகிறது, எட்டுப் பேருக்கு 2,650, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு 500 மட்டும். தலைக்கு எவ்வளவு செலவு செய்கிறீர்கள் என்று கேட்கிற வாடிக்கையாளரிடமோ ஆடிட்டரிடமோ சொல்ல 1,570 உதவும். பட்டறைக்குள் அதற்கு வேறு உபயோகம் கிடையாது.

2.4 லட்சத்தில் மிச்சம் 1.6 லட்சத்துக்கு மேல். இதைச் செலவு செய்தே தீர வேண்டும் என்று மார்ச்சில் அவசர வகுப்பு வைக்காதீர்கள். 35,000 ரூபாயை டூல் டிராலிக்கும் செட்டிங் ஷீட்டுக்கும் தள்ளிவிட்டு, மீதியை அக்டோபர் வரை தொடாமல் வையுங்கள். அதற்குள் பயிற்சிக்கு முந்தைய மூன்று மாதச் சீட்டையும் பிந்தைய மூன்று மாதச் சீட்டையும் ஒப்பிடலாம். ஒப்பிடும்போது அதே ஜாப்களை மட்டும் எடுக்க வேண்டும். நடுவில் சுலபமான ஜாப் வந்து சேர்ந்தால் ரிஜெக்‌ஷன் தானாகக் குறையும், பெருமை பயிற்சிக்குப் போகும். ஆஃப்செட் காரணத்தில் விழுந்த சீட்டுகள் குறைந்து, வார்ப்பு ஓட்டைச் சீட்டுகள் அப்படியே இருந்தால் பயிற்சி வேலை செய்திருக்கிறது என்று நம்பலாம். இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் ஒன்று வேலை குறைந்திருக்க வேண்டும், அல்லது யாரோ சீட்டு எழுதுவதை நிறுத்தியிருக்க வேண்டும்.

சீட்டே எழுதாத பட்டறை என்றால் மூன்றாவது வழியை இன்றைக்கு எடுக்க முடியாது. முதல் மூன்று மாதம் பாதுகாப்புக்கான 500ஐ மட்டும் செலவு செய்துகொண்டு, கழிக்கிற ஒவ்வொரு பீஸுக்கும் ஜாப் பெயர், மெஷின் எண், ஷிப்ட், காரணம் என்று நாலே நாலு கட்டம் உள்ள ஒரு சீட்டை எழுத வையுங்கள். பெயர் எழுதும் கட்டம் வேண்டாம். பெயர் கேட்டால் பீஸ் ஸ்கிராப் பெட்டிக்குப் போகாமல் வேறெங்காவது போய்விடும்.